சரக்கு தீர்ந்தால் எவ்வளவு நட்டம்?

மோட்டார் பம்பு விற்கும் கடை ஒன்று. ஒரு குறிப்பிட்ட மாடல் வாரத்துக்குச் சராசரியாக 20 போகும், 6 முன்னேபின்னே இருக்கும் (திட்ட விலக்கம் 6). ஞாயிறு மாலை ஆர்டர் போட்டால் திங்கள் காலை வந்துவிடும். சரி, வாரத் தொடக்கத்தில் எத்தனை பம்பு கையில் இருக்க வேண்டும்?

சரக்கு இல்லாதபோது வரும் 10 பேரில் 6 பேர் வேறு கடைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பம்புக்கு 600 ரூபாய் லாபம் என்றால், ஆளுக்குச் சராசரியாக 360 போயிற்று. மீதி 4 பேர் காத்திருந்து வாங்குகிறார்கள். அவர்களிடம் லாபம் போகாது. போன் செலவு, தனியாக வண்டி வைத்து அனுப்புவது என்று ஒருவருக்கு 150 ஆகும். சராசரியில் அது 60. பலர் இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாரையும் இழந்த விற்பனையாகவே எழுதிவிடுகிறார்கள். அதே கடையில் வேறு மாடலை வாங்கிக்கொண்டு போனவரையும் அப்படி எண்ணக் கூடாது.

அடுத்தது நற்பெயர். 10 பேரில் ஒருவர் இனி வரவே மாட்டார், அவரால் வரும் வருடங்களில் 4,000 ரூபாய் லாபம் கிடைத்திருக்கும் என்றால், ஆளுக்கு 400. மொத்தம் 820 ரூபாய்.

மறுபக்கம், விற்காமல் தங்கும் பம்பின் செலவு. கொள்முதல் விலை 5,200. வட்டி, இடம், சேதாரம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 25 சதவீதம் என்றால் வாரத்துக்கு 25 ரூபாய். தட்டுப்பாட்டுச் செலவை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சேவை நிலை கிடைக்கும்: 820 ÷ 845 = 0.97. அதாவது 100 வாரத்தில் 97 வாரம் சரக்கு தீராமல் இருக்க வேண்டும். தேவை இயல்நிலைப் பரவலில் இருந்தால் அதற்கு 31 பம்பு வேண்டும். வாரக் கணக்கில் 97 சதவீதம் என்றாலும், ஆட்கள் கணக்கில் ஏமாந்து திரும்புகிறவர் 1,000 பேரில் 5 பேருக்கும் குறைவுதான்.

நற்பெயரின் 400 ரூபாய் வெறும் ஊகம்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதைச் சுழியமாக்கினால் விடை 30, இரட்டிப்பாக்கினால் 32. தங்கும் செலவு மிகக் குறைவு என்பதால் ஊகத்தின் பிழை இங்கே பெரிதாகத் தாக்குவதில்லை. தக்காளி மாதிரி அழுகும் சரக்கில் கதையே வேறு. அங்கே மிஞ்சியதன் கொள்முதல் விலையே நட்டம், அதனால் ஊகம் தவறினால் விடையும் நன்றாகவே நகரும்.

எனக்கு இதைவிடப் பயனுள்ளதாகப் படுவது கணக்கைத் தலைகீழாகப் போடுவது. கடைக்காரர் வழக்கமாக 25 பம்பு வைக்கிறார் என்றால் அவருடைய சேவை நிலை சுமார் 80 சதவீதம். அப்படியானால் ஒரு தட்டுப்பாட்டுக்கு 100 ரூபாய்தான் நட்டம் என்று அவர் தெரியாமலே முடிவு செய்திருக்கிறார். விற்பனை போனதால் வரும் 360 ரூபாயே அதைவிட அதிகம், நற்பெயரைத் தொடவே வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பில் புத்தகத்தில் இருப்பது விற்பனை, தேவை அல்ல. சரக்கு தீர்ந்த வாரத்தில் 25 விற்றது என்றால் கேட்டவர்கள் 30 பேராகவும் இருந்திருக்கலாம். "இல்லை" என்று திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரையும், அவர் காத்திருந்தாரா போய்விட்டாரா என்பதையும் தனி நோட்டில் குறித்து வைத்தால்தான், மேலே வைத்துக்கொண்ட 20, 6, 4 எல்லாம் உண்மையான எண்களாக மாறும்.