ஆஸ்பத்திரிக் கனவு வந்தால் டாக்டரிடம் போகணுமா?

கால் துண்டாகிறது, ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறார்கள், டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார், அதற்குள் முழிப்பு வந்துவிடுகிறது. உடனே போனை எடுத்து அர்த்தம் தேடுகிறோம். கனவில் வந்தது உடம்பு சொன்ன சேதியா, மனசில் இருந்த பயமா?

தூங்கும்போது மூளை உடம்போடு தொடர்பை முழுசாக அறுத்துக்கொள்வதில்லை. 1990-களில் மான்ட்ரியலில் டோரே நீல்சன் குழுவினர் இதை நேராகவே சோதித்தார்கள். பிரஷர் பார்க்கும் பட்டையைத் தூங்குகிறவரின் முழங்காலுக்கு மேலே சுற்றி, கனவு அதிகம் வரும் ரெம் உறக்கத்தில் காற்றடித்து இறுக்கி, பிறகு எழுப்பி என்ன கனவு என்று கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கனவுகளில் வலி வந்திருந்தது. மீதியில் வரவே இல்லை, அதையும் கவனிக்கணும். உடம்பின் குரல் கனவுக்குள் நுழையலாம், ஆனால் கட்டாயமில்லை.

அப்படி நுழைந்தாலும் உள்ளபடி வராது. காதில் விழும் சின்னச் சத்தம் கனவில் இடியாகிவிடும், லேசான சூடு நெருப்பில் நடப்பதாகிவிடும் என்று அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். கை மரத்துப்போனது நிஜம் என்றால், அதற்கு ஆபரேஷன் தியேட்டர் போட்டுக் கொடுப்பது நம் கவலைகள்தான். போன வாரம் அப்பாவை ஐசியு-வில் பார்த்தவருக்கு, உடம்பில் எதுவுமே இல்லாமல் அந்த தியேட்டர் மட்டும் கூட வரலாம். ஆக, கனவில் எந்த நோய் வந்தது என்பதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. முழித்த பிறகும் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கனவு வந்தாலும் வராவிட்டாலும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும்.

கனவே நோயின் அறிகுறியாகிற இடம் ஒன்று உண்டு, வேடிக்கை என்னவென்றால் அதில் ஆஸ்பத்திரி வருவதே அபூர்வம். ரெம் உறக்கத்தில் மூளைத்தண்டு நம் தசைகளைக் கட்டிப்போட்டுவிடும், கனவில் ஓடினாலும் கால் அசையாது. சிலருக்கு, பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, இந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. யாரோ அடிக்க வருகிறார்கள், நாய் துரத்துகிறது என்று கனவு வரும், இவர் நிஜமாகவே குத்துவார், உதைப்பார், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத்தான் அடி விழும். 1986-ல் அமெரிக்காவில் ஷெங்க், மஹோவால்ட் ஆகியோர் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். இப்படிப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பெரும்பாலானோருக்குப் பல வருஷம் கழித்துப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாதம் அல்லது அதன் உறவுக்கார நோய் வந்தது தெரிந்தது. கட்டுப்போடும் அந்த மூளைத்தண்டுப் பகுதியில் பாதிப்பு சீக்கிரமே தொடங்கிவிடுகிறது, கை நடுக்கம் ரொம்பப் பின்னால்தான் வரும்.

மனஅழுத்தத்துக்கான சில மாத்திரைகளாலும் இப்படி நடக்கும், அதனால் நரம்பியல் டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டையும், ராத்திரி அடி வாங்கியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார், ரெம் உறக்கத்தில் தாடைத் தசை தளர்கிறதா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.