அச்சுப்பிழை என்று திருத்துவதற்கு முன்

சென்ற மாதம் ஒரு குடும்பத்தார் தங்கள் பாட்டனாரின் பெட்டியில் இருந்த வீட்டு வைத்தியப் புத்தகம் ஒன்றின் 14 பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். கூடவே வேறொருவர் செய்து கொடுத்த ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தது. அதைச் சற்றே பார்த்துச் சரிசெய்தால் போதும் என்று கேட்டிருந்தார்கள். இந்த ஆண்டில் இப்படி வந்தவற்றுள் இது நான்காவது. முதல் பக்கத்தில், சுக்கு, மிளகு, திப்பிலி ஆகியவற்றுக்கு அடுத்து 'ஷை' என்று நான்காவது சரக்கு ஒன்று ஆங்கிலத்தில் முளைத்திருந்தது. அப்படி ஒரு சரக்கு எந்த நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்காது. அது ௸ என்ற குறி. 'மேற்படி' என்பது அதன் பொருள். பழைய பத்திரங்களைப் படிப்பவர்கள்கூட அதை 'ஷை' என்றே வாசித்துப் பழகிவிட்டார்கள் என்பதால் மொழிபெயர்த்தவரை மட்டும் குறைசொல்ல மாட்டேன்.

அந்த வரி புத்தகத்தில் இப்படி இருக்கிறது: 'சுக்கு பலம் ௧ மிளகு பலம் வ திப்பிலி ௸ யிவைகளைப் பொடித்துத் தெனிற் குழைத்து நாளிரண்டு தரங்கொடுக்கவும்.' இதில் 'வ' என்பது எழுத்தன்று, கால் என்னும் பின்னக் குறி. மங்கிய படத்தில் அது கறைபோலத் தெரிந்ததால் விட்டுவிட்டு, மேலே சுக்குக்கு ஒரு பலம் என்றிருப்பதைப் பார்த்து மிளகுக்கும் ஒரு பலம் என்று எழுதிவிட்டார்கள். இன்றைய சித்த மருத்துவக் கணக்கில் பலம் என்பது 35 கிராம். ஏறத்தாழ 9 கிராம் போட வேண்டிய மிளகு நான்கு மடங்காகிவிட்டது. மேற்படி என்பதால் மிளகின் அளவையே பெற வேண்டிய திப்பிலிக்கோ அளவே இல்லாமல் போயிற்று.

இத்தகைய பிழைகளைவிட என்னை அதிகம் எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. 'அந்தக் காலத்தில் எழுத்துப்பிழை மலிந்திருந்தது, நாங்களே திருத்திவிட்டோம்' என்று பெருமையோடு சொல்லிக்கொண்டு, மூலத்தின் எழுத்தை மாற்றித் தட்டச்சிட்டு அனுப்புகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்: 'தென்', 'வெர்', 'செர்த்து' என்று அச்சிட்டவருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. சுவடியில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இன்றுள்ளதுபோல் வடிவ வேறுபாடு இருக்கவில்லை. இப்போது நாம் எழுதும் இரட்டைச்சுழிக் கொம்பு வீரமாமுனிவரின் சீர்திருத்தத்தோடு தொடர்புடையது. அவர் 18ஆம் நூற்றாண்டினர் என்றாலும், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சான பல புத்தகங்கள் பழைய வழக்கத்தையே பின்பற்றின. ஆகவே அங்கே 'ெ' என்பது குறிலாகவும் இருக்கலாம், நெடிலாகவும் இருக்கலாம். இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அது பிழையன்று, ஒரு முறை. பிழையைத் திருத்தலாம், முறையைப் படிக்கத்தான் வேண்டும்.

இந்தச் செய்தியை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்களால் வரும் ஆபத்து இன்னும் பெரிது. அதே புத்தகத்தில் ஒரு வரியின் ஈற்றில் 'கொடி' என்றும் அடுத்த வரியின் தொடக்கத்தில் 'வெலி வெர்' என்றும் இருந்தன. தட்டச்சிட்டவர் எல்லாவற்றையும் நெடிலாக்கிக் 'கோடி வேலி வேர்' என்று எழுதினார். அது பொருந்தவில்லை என்று கண்ட மொழிபெயர்ப்பாளர் 'கோடி'யை மட்டும் மீண்டும் 'கொடி'யாக்கி, வேலியிற் படர்ந்த கொடியின் வேர் என்று ஆங்கிலப்படுத்தினார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகம் சொல்வது கொடிவேலி, அதாவது சித்திரமூலம். அதன் பச்சை வேர் தோலில் பட்டால் கொப்புளம் எழும். முறைப்படி சுத்தி செய்யாமல் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. அந்த மொழிபெயர்ப்பை நம்பி ஒருவர் தம் வீட்டு வேலியில் எந்தக் கொடியைப் பிடுங்கியிருப்பாரோ தெரியவில்லை.

மங்கிய அச்சில் எண்கள் தனித் தொல்லை. தமிழ் எண்களில் ௪ என்பது 'ச' போலவும் ௬ என்பது 'சு' போலவும் இருக்கும்; ௧ என்பது 'க' போலவும் ௯ என்பது 'கூ' போலவும் இருக்கும். வாலும் சுழியும் தேய்ந்துவிட்டால் ஆறு நான்காகும், ஒன்பது ஒன்றாகும். முகப்புப் பக்கத்தின் ஆண்டிலேயே இந்தச் சிக்கல் இருந்தது: ௲௮௱ என்பது தெளிவாகவும், அடுத்த எழுத்து ௪ அல்லது ௬ என்று ஐயமாகவும், பின் ௰௩ என்றும் இருந்தது. ஆயிரம், எட்டு நூறு, நான்கோ ஆறோ பத்து, மூன்று. குடும்பத்தார் 1863 என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அதன் கீழேயே 'சொபகிருது௵' என்று அச்சிட்டிருந்தது. ௵ என்பது வருடத்தின் குறி. 1863 ருத்ரோத்காரி, சோபகிருது 1843இல்தான் வருகிறது. இருபது ஆண்டு ஐயம் ஒரு சொல்லில் தீர்ந்தது. அறுபது வருடப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மை மங்கிவிட்டது என்கிறோம், ஆனால் புகைக்கரியில் செய்த அச்சு மை எளிதில் மங்குவதில்லை. தாள் பழுத்திருக்கும், அல்லது தேய்ந்த அச்செழுத்தில் மை சரியாகத் தடவியிருக்க மாட்டார்கள். இதனால் ஒரு நன்மை உண்டு: மை படாத இடத்திலும் எழுத்து அழுந்திய பள்ளம் தாளில் நிற்கும். புத்தகம் கையில் இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். தொலைந்த சுழி நிழலாகத் தெரியும். மேலிருந்து வெளிச்சம் பாய்ச்சி எடுத்த படத்தில் அது ஒருபோதும் தெரியாது.

படம் எடுப்பவர்களிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. கறுப்பு வெள்ளையாக மாற்றி அனுப்பாதீர்கள். மாற்றும்போது முதலில் பறிபோவது புள்ளி, அடுத்தது ரகரத்தின் வால். வால் போனால் 'தரம்' என்பது 'தாம்' ஆகிவிடும். வண்ணத்திலேயே, அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில் எடுங்கள். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளுக்கு அடியில் கறுப்புக் காகிதம் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். வண்ணப் படம் இருந்தால் அதன் சிவப்புத் தடத்தை மட்டும் பிரித்துப் பார்க்க முடியும். பழுப்புக் கறை வெளிறும், கரிய மை அப்படியே நிற்கும்.

மொழிபெயர்ப்பவர்களுக்குச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்: படத்தைப் பார்த்து நேரே ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். முதலில் வரிக்கு வரி, உள்ள எழுத்தில் உள்ளபடி படியெடுங்கள். ஐயமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுங்கள். தெரியாததற்கு, எத்தனை எழுத்து அங்கே அடங்கும் என்று அளந்து அத்தனை புள்ளி வையுங்கள். அதன் பிறகு இக்கால எழுத்துக்கு மாற்றி, மூன்றாவதாகத்தான் மொழிபெயர்க்க வேண்டும். அதே பதிப்பின் இன்னொரு படி சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ வேறு நூலகத்திலோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரே அச்சுக்கோப்பில் ஓடிய தாள்கள் என்றாலும் மை குறைந்த இடம் படிக்குப் படி வேறுபடும்.

எனக்கு அப்படி இன்னொரு படி கிடைக்கவில்லை. 'வெற்றிலை ௧' என்று ஓரிடத்தில் தெளிவாகவே இருந்தது. ஆனால் ஒற்றை வெற்றிலையைப் பிழிந்து கால் ஆழாக்குச் சாறு எடுக்கச் சொல்லியிருந்ததால் மனம் ஒப்பவில்லை. புத்தகத்தின் கடைசித் தாளையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அது வெறும் பட்டியல், தேவையில்லை என்று விட்டிருந்தார்களாம். பிழைதிருத்தம் என்ற தலைப்பின் கீழ் ஐந்தாவது வரியில், ௧ என்றிருப்பதை ௯ என்று வாசிக்க, என்று அச்சிட்டவர்களே சொல்லியிருந்தார்கள்.