வெளிநாட்டில் பிடிக்கும் வரி: டிஆர்சி கேட்டு வருமான வரி அலுவலகம் போகும் முன்

தண்டையார்பேட்டையில் வீட்டில் இருந்தபடியே படம் வரைந்து சம்பாதிக்கும் ஒரு பெண்ணின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஒரு பதிப்பகம் அவர் வரைந்த குழந்தைகள் புத்தகப் படங்களுக்கு 12,000 யூரோ ராயல்டி தருகிறது. ஜெர்மன் சட்டப்படி வெளிநாட்டில் குடியிருப்பவருக்குத் தரும் ராயல்டியில் 15 சதவீத வரியும், அந்த வரியின் மேல் 5.5 சதவீதக் கூடுதல் வரியும் பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 15.825 சதவீதம், அதாவது 1,899 யூரோ. இந்திய-ஜெர்மனி இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமோ ராயல்டிக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது என்கிறது. அதன்படி 1,200 யூரோதான்.

வித்தியாசம் 699 யூரோ. "எவ்வளவு பிடித்தாலும் பரவாயில்லை, இங்கே ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம்" என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அது நடக்காது. ஒப்பந்த விகிதத்துக்கு மேல் வெளிநாட்டில் கட்டிய வரியை இந்தியா கணக்கில் எடுக்காது, வருமான வரி விதி 128 அதைத் தெளிவாகச் சொல்கிறது. 1,200 யூரோவைத்தான் இங்கே கழிக்க முடியும். மீதி 699-ஐ ஜெர்மனியிலேயே பிடிக்கவிடாமல் தடுக்க வேண்டும், அல்லது அங்கிருந்தே திரும்பக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் நீங்கள் இந்தியாவின் வரிக் குடியிருப்பாளர் என்று நம் வருமான வரித்துறை தரும் சான்று தேவை. அதுதான் வரி குடியிருப்புச் சான்று. ஆடிட்டர்கள் டிஆர்சி என்பார்கள்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதி 21ஏபி இதைப் பற்றியது. விண்ணப்பம் படிவம் 10எஃப்ஏ, கிடைக்கும் சான்று 10எஃப்பி. 2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்கு இந்தச் சட்டம்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய காலத்துக்குக் கேட்பவர்கள் துறையின் தளத்தில் அப்போதைய படிவ எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. "சலான் கட்டணும் சார்" என்று யாராவது பணம் கேட்டால் அது அவர் பாக்கெட்டுக்கு.

10எஃப் என்று இன்னொரு படிவம் இருக்கிறது. அது வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் இந்தியாவில் சலுகை கேட்கப் போடுவது. தளத்தில் தேடினால் அதுதான் முதலில் கண்ணில் படும். அதை நிரப்பி எடுத்துப் போனால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, யாருக்குக் கிடைக்கும்? இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய பொறி. படிவத்தில் "எந்த அடிப்படையில் குடியிருப்பாளர் என்கிறீர்கள்" என்று ஒரு கட்டம் வரும். அதில் "இந்தியக் குடிமகள், ஆதார் இணைத்துள்ளேன்" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அந்தக் கட்டம் கேட்பது நாள் கணக்கை. அந்த நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். அல்லது அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் சேர்த்து 365 நாளும் இருந்திருக்க வேண்டும். ராயபுரத்தில் வீடு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது என்பதால் துபாயில் வேலை பார்க்கும் மகனுக்கு இந்த நாட்டுச் சான்று கிடைத்துவிடாது. அவர் அமீரகத்தின் வரி ஆணையத்திடம்தான் கேட்க வேண்டும். ஆண்டில் பாதிக்கு மேல் கடலில் இருக்கும் கப்பல் ஊழியர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

இப்போது நம் ஓவியருக்கு நடந்ததைப் பாருங்கள். நவம்பர் 2025-இல் வரவேண்டிய பணத்துக்காக ஜூலை 10 அன்று விண்ணப்பம் எடுத்துப் போனார். "நிதியாண்டு முடியவில்லையே, 182 நாள் ஆகவில்லையே, மார்ச்சுக்கு அப்புறம் வாங்க" என்று பதில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 182 நாள் என்பது இரண்டு வழிகளில் ஒன்று மட்டுமே. ஊரை விட்டே போகாதவருக்கு ஏப்ரல் 1 முதல் எண்ணினால் மே 30-ஆம் தேதியே 60 நாள் நிறைந்துவிடும். முந்தைய நான்கு ஆண்டுகளும் இங்கேயே இருந்தவருக்கு 365 நாள் எப்போதோ தாண்டியாயிற்று. ஜூலை 10-இல் அவருக்கு 101 நாள். பிரிவு 6(1)(சி) நிபந்தனை அன்றைக்கே நிறைவேறிவிட்டது. இதை வாயால் வாதாடினால் எடுபடாது. அடிப்படை கேட்கும் அந்தக் கட்டத்திலேயே பிரிவு எண்ணோடு எழுதி, ஐந்து ஆண்டு நாள் கணக்கை ஒரு தாளில் அட்டவணையாகப் போட்டு இணைத்துவிட வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் முத்திரை உள்ள, இல்லாத எல்லாப் பக்கங்களின் நகலும் வேண்டும். பாஸ்போர்ட்டே எடுக்காதவர்கள் அப்படி ஒரு சுய உறுதிமொழி தரலாம்.

அடுத்தது எந்த அலுவலகம் என்ற அலைச்சல். தண்டையார்பேட்டையில் இருப்பதால் நேராக நுங்கம்பாக்கம் பஸ் ஏறிவிடாதீர்கள். முதலில் incometax.gov.in தளத்தில் `Know Your AO` என்ற இடத்தில் பான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் கோப்பு எந்த ஊரில், எந்த வார்டில், எந்த மதிப்பீட்டு அதிகாரியிடம் இருக்கிறது என்று வரும், அவரது மின்னஞ்சலும் வரும். நம் ஓவியர் முன்பு பெங்களூரில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்த்தவர். பான் அங்கே எடுத்தது. பானில் முகவரியைச் சென்னைக்கு மாற்றி ஐந்து வருடம் ஆகியும் கோப்பு பெங்களூரிலேயே கிடந்தது. முகவரி மாறினால் கோப்பும் கூடவே வந்துவிடாது. சென்னையில் "உங்க பான் இங்கே இல்லை" என்றார்கள், அங்கே "முகவரி சென்னையாச்சே" என்றார்கள். இருவரும் சொன்னது உண்மைதான், அதில் அவருக்கு என்ன பிரயோஜனம்?

இப்படி ஆனால் கோப்பு மாறும் வரை காத்திருக்காதீர்கள். பான் இன்று யாரிடம் இருக்கிறதோ அவருக்கே அதிகாரம். அவருக்கு விண்ணப்பத்தை ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, அதையே ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கோப்பை மாற்றக் கேட்கும் கடிதம் தனியாகப் போகட்டும். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தளத்தில் அவர்களின் நிலை இன்னும் வெளிநாட்டுக் குடியிருப்பாளர் என்றே இருந்தால் கோப்பு சர்வதேச வரிவிதிப்பு வார்டில் இருக்கும். அதை முதலில் திருத்துங்கள்.

ஆவணங்களில் மாட்டுவது பெரிய விஷயங்களில் இல்லை, முகவரியில்தான். வட சென்னையில் பாதித் தெருவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ஆதாரில் புதிய எண், பானில் பழைய எண், ஜெர்மன் ஒப்பந்தத்தில் போன வருடம் குடியிருந்த கொருக்குப்பேட்டை வீடு என்று இருந்தால் மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தெரியும். படிவம் கேட்பது சான்று வேண்டிய காலத்தில் நீங்கள் இருந்த முகவரியை. இரண்டு எண்ணையும் எழுதுங்கள். இடையில் வீடு மாறியிருந்தால் தேதியோடு இரண்டு முகவரியையும் எழுதுங்கள். பெயரில் இனிஷியல் விரிந்திருந்தாலும், புனைபெயரில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் இருவரும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழி இணையுங்கள்.

மற்றபடி பான், ஆதார் நகல்கள், கடைசி மூன்று ஆண்டு ரிட்டர்ன் ஒப்புகைகள், ஒப்பந்தம், சான்று வேண்டும் என்று பதிப்பகம் எழுதிய கடிதம் அல்லது மின்னஞ்சல் போதும். வருமானம் குறைவு என்று ரிட்டர்ன் போடாதவர்களை அதிகாரி அங்கேயே நிறுத்திவிடுவார். விதியில் அப்படி இல்லை என்று சண்டை போடலாம், ஆனால் எப்படியும் வெளிநாட்டு வரியைக் கழிக்க ரிட்டர்ன் வேண்டும் என்பதால் முதலில் அதைப் போட்டுவிடுவதே வேலைக்கு ஆகும். ஜெர்மன் படிவத்திலேயே "உங்கள் நாட்டு வரி அலுவலக முத்திரை" என்று ஒரு இடம் இருக்கும். அதில் நம் அதிகாரி பெரும்பாலும் கையெழுத்துப் போட மறுப்பார், அவர் தரக்கூடியது 10எஃப்பிதான். அதை இணைத்தால் ஏற்பார்களா என்று அந்தப் பக்கம் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

நேரில் கொடுத்தால் சேவா கேந்திரா கவுண்டரில் கொடுத்து ஒப்புகை எண் வாங்குங்கள். மேஜையில் வைத்துவிட்டு வந்த காகிதம் கொடுக்காத காகிதம். விதியில் இத்தனை நாளுக்குள் தரவேண்டும் என்ற கெடு இல்லை என்பதால், அந்த எண்ணை வைத்துத்தான் நீங்கள் பின்தொடர முடியும். ஒரு மாதம் பார்த்துவிட்டு இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் வேறு மேஜைக்குப் போகாமல் நேராகப் போகும், உள்ளடக்கம் இதுதான்:

பெறுநர்: மதிப்பீட்டு அதிகாரி, ___ வார்டு
நகல்: அந்த ரேஞ்சின் கூடுதல் அல்லது இணை ஆணையர்
பொருள்: வரி குடியிருப்புச் சான்று, நினைவூட்டல்
பார்வை: 10எஃப்ஏ விண்ணப்பம், நாள் ___, ஒப்புகை எண் ___, பான் ___

ஐயா / அம்மையீர்,
01.04.2025 முதல் 31.03.2026 வரையிலான காலத்துக்குச் சான்று கேட்டு மேற்கண்ட நாளில் விண்ணப்பித்தேன். சான்று இதுவரை வரவில்லை. குறை இருப்பதாகவும் எழுத்தில் தெரிவிக்கப்படவில்லை. விண்ணப்ப நாளில் நடப்பு ஆண்டில் 101 நாளும், முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளுக்கு மேலும் இந்தியாவில் இருந்துள்ளேன் (கணக்கு இணைப்பு 1). பிரிவு 6(1)(சி) நிபந்தனை நிறைவேறியுள்ளது. பதிப்பகம் ___ அன்று பணம் தருகிறது. அதற்குள் சான்று இல்லையெனில் 10 சதவீதத்துக்குப் பதில் 15.825 சதவீதம் பிடிக்கப்படும். ஆவணம் எதுவும் குறைந்தால் எதுவெனக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்கவும். இல்லையெனில் விதி 21ஏபி-யின்படி 10எஃப்பி சான்றை வழங்கவும் வேண்டுகிறேன்.

"தயவுகூர்ந்து விரைவில் ஆவன செய்யவும்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். குறை எதுவென எழுத்தில் கேட்பதும், மேலதிகாரிக்குப் போகும் நகலும்தான் இந்தக் கடிதத்தின் வேலை. இதற்கும் அசைவில்லை என்றால் அதே ஒப்புகை எண்ணோடு pgportal.gov.in தளத்தில் புகார் போடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க வழி உண்டு. விண்ணப்பத்தின் மேல் எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள்.

சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று காலத்தைப் படியுங்கள். 2025-26 நிதியாண்டுக்குக் கேட்டால் பழக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று மட்டும் அடித்துவிடுவார்கள். ஜெர்மன் அலுவலகம் அதை அடுத்த வருடம் என்று படிக்கும். தொடக்க நாளும் முடிவு நாளும் தேதியாக இருக்க வேண்டும். அவர்கள் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் என்பதால், 2025 பிப்ரவரியில் ஒரு தவணை வந்திருந்தால் அதற்கு 2024-25 நிதியாண்டுச் சான்று தனியாக வேண்டும்.

பணம் வருவதற்குள் சான்று வராமல் முழு 1,899 யூரோவும் பிடிக்கப்பட்டுவிட்டால், 699-ஐத் திரும்பக் கேட்டு ஜெர்மனியின் மத்திய வரி அலுவலகத்துக்கு இதே சான்றோடு விண்ணப்பிக்கலாம். மீதி 1,200-ஐ இங்கே கழிக்க டிஆர்சி வேண்டியதில்லை. வரி பிடித்ததற்கான ஜெர்மன் ஆதாரத்தோடு படிவம் 67-ஐ இணையத்தில் போட வேண்டும். 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு அதன் கடைசி நாள் 2027 மார்ச் 31, ரிட்டர்னும் உரிய காலத்துக்குள் போட்டிருக்க வேண்டும்.