கர்ஃப்யூ: ஊரடங்கா, இற்செறிப்பா?

கல்லூரி விடுதியில் இருந்த மூன்று வருடமும் நாங்கள் யாரும் 'கர்ஃப்யூ' என்று சொன்னதில்லை. 'இன்-டைம்' என்போம். "இன்-டைம் ஆறரை, கிளம்புடி" என்பதுதான் எங்கள் மாலைகளின் கடைசி வாக்கியம். ஆறரைக்கு வாட்ச்மேன் கேட்டைச் சாத்துவார், ஏழு மணிக்கு வார்டன் வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிடுவார். மாணவர் விடுதியில் ஒன்பது மணி என்று எழுதியிருந்தது. ஒன்பதைத் தாண்டி வந்தவரை யாரும் கேட்டதாக நினைவில்லை. கர்ஃப்யூ என்ற சொல் செய்தித்தாளில்தான் வரும், கலவரம் நடந்த ஊரைப் பற்றி. இப்போது மாணவிகளே தங்கள் விடுதி நேரத்தை 'ஹாஸ்டல் கர்ஃப்யூ' என்கிறார்கள். விடுதி நேரம் பற்றிய ஒரு மனுவில் எழுத, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு தங்கை கேட்டாள். 'ஊரடங்கு' என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. அந்தத் தயக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கர்ஃப்யூ பழைய பிரெஞ்சுச் சொல். 'கூவ்ர்' என்றால் மூடு, 'ஃபு' என்றால் நெருப்பு. இடைக்கால ஐரோப்பிய ஊர்களில் வீடுகள் மரத்தாலும் வைக்கோலாலும் ஆனவை. அடுப்பில் கனன்றுகொண்டிருக்கும் தீயை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினால் தெருவே போய்விடும். அதனால் இரவில் ஒரு மணி அடிப்பார்கள், அதைக் கேட்டதும் எல்லோரும் தணலைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுக்க வேண்டும். 'நெருப்பை மூடு' என்பது அந்த மணியின் பெயரானது, அப்புறம் அந்த நேரத்தின் பெயரானது, அப்புறம் அந்த நேரத்துக்குப் பின் வெளியே நடமாடக் கூடாது என்ற கட்டளையின் பெயரானது.

இந்த மணிக்கும் கல்லூரிக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக் கோபுரத்தில் 'கிரேட் டாம்' என்ற பெரிய மணி தொங்குகிறது. இரவு 9.05க்கு அது 101 முறை அடிக்கும். கல்லூரியின் தொடக்ககால மாணவர் 100 பேர், 17ஆம் நூற்றாண்டில் ஓர் இடம் கூடியது, ஆக 101. ஆக்ஸ்ஃபோர்டின் பழைய உள்ளூர் நேரம் கிரீன்விச்சைவிட ஐந்து நிமிடம் பின்தங்கியது என்பதால் அவர்களுக்கு 9.05தான் ஒன்பது. மணி ஓய்ந்தால் கல்லூரிக் கதவு சாத்தப்படும் என்பதுதான் அன்று அதன் பொருள். ஆக, விடுதிக்கு கர்ஃப்யூ என்ற சொல்லைப் பொருத்தும் மாணவிகள் தப்பு செய்யவில்லை. ஆனால் அந்த மணி அன்று ஆண்களுக்கு அடித்தது.

சரி, தமிழுக்கு வருவோம். கர்ஃப்யூவுக்கு நாம் எழுதுவது 'ஊரடங்கு உத்தரவு', இலங்கைத் தமிழர் 'ஊரடங்குச் சட்டம்' என்பார்கள். 2020 கொரோனாவின்போது லாக்டவுனுக்கும் இதே சொல்தான் வந்தது. ஊர் தானாக அடங்குவதுதான் இந்தச் சொல்லின் பழைய பொருள். 'ஊரடங்கின பிறகு வந்தான்' என்று கிராமத்தில் இன்றும் சொல்கிறோமே, அதில் உத்தரவும் இல்லை, போலீசும் இல்லை. விளக்கணைந்து, பேச்சோய்ந்து, நாய்கூடச் சுருண்டு படுத்த நேரம், அவ்வளவுதான். குறுந்தொகை 6ஆம் பாட்டில் பதுமனார் இந்த அடங்குதலைத்தான் சொல்கிறார்: "சொல்லவிந்து இனிதடங்கினரே மாக்கள்". பேச்சவிந்து, மக்கள் இனிதாக அடங்கினார்கள். உலகமே தூங்குகிறது, நான் ஒருத்திதான் தூங்கவில்லை என்று அந்தப் பெண் முடிக்கிறாள்.

விடுதிக்கு இந்தச் சொல் ஏன் பொருந்தவில்லை என்பது இங்கே தெரிந்துவிடும். மாலை ஆறரைக்கு எந்த ஊரும் அடங்குவதில்லை. எங்கள் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அப்போதுதான் பஜ்ஜி போட ஆரம்பிப்பார்கள். பேருந்து போகும், மாணவர்கள் சைக்கிளில் கூட்டமாய்ப் போவார்கள், நூலகத்தில் எட்டு வரை விளக்கெரியும். அடங்கியது நாங்கள் இருந்த கட்டடம் மட்டும்தான், அதுவும் தானாக அடங்கவில்லை.

இதற்கு ஏற்ற சொல் அகப்பொருள் இலக்கணத்தில் இருக்கிறது. இற்செறிப்பு. இல் என்றால் வீடு, செறித்தல் என்றால் இறுக்கி உள்ளே வைத்தல். சொல்லும் சுவையும் சேர்ந்து சொற்சுவை ஆவதுபோல இல்லும் செறிப்பும் சேர்ந்து இற்செறிப்பு. மகள் காதலிக்கிறாள் என்று தாய்க்குச் சந்தேகம் வந்ததும், தினைப்புனத்துக்கும் சுனைக்கும் போய்வந்த பெண்ணை வீட்டைவிட்டு வெளியே விடாமல் வைப்பதற்குப் பெயர் இது. ஊரை அடக்குவதல்ல, ஒருத்தியை அடைப்பது. அகநானூறு 122ஆம் பாட்டில் பரணர், கோழியைக்கூட "மனைச்செறி கோழி" என்கிறார். பொழுது சாய்ந்தால் கூட்டில் அடைக்கிறோமே, அந்தச் செறிதான் இற்செறிப்பிலும் இருக்கிறது.

அந்தப் பாட்டு முழுவதுமே விடுதிப் பெண்களுக்குப் புரியும். இரவில் காதலன் வர என்னென்ன தடை என்று காதலி வரிசையாகச் சொல்கிறாள். ஊர் தூங்காது. ஊர் தூங்கினால் கடுஞ்சொல் பேசும் அன்னை தூங்கமாட்டாள். அன்னை தூங்கினால் காவலர் சுற்றி வருவார்கள். அவர்கள் ஓய்ந்தால் நாய் குரைக்கும், நாய் ஓய்ந்தால் நிலவு பகல்போல் காயும், நிலவு மறைந்தால் கூகை அலறும், அதுவும் ஓய்ந்தால் கோழி கூவிவிடும். எல்லாம் ஓய்ந்த ஒருநாள் அவன் வரவில்லை. இதில் அன்னைக்குப் பதில் வார்டன், காவலருக்குப் பதில் வாட்ச்மேன், நிலவுக்குப் பதில் மதில்மேல் போட்ட சோடியம் விளக்கு என்று வைத்துப் படித்துப் பாருங்கள். அரசு விடுதிகளில் வார்டனுக்குத் தமிழ் 'காப்பாளர்', பெண் என்றால் 'காப்பாளினி'. காவலும் காப்பும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

இற்செறிப்போடு சேர்ந்து வரும் மற்ற சொற்களும் விடுதிக்காதலுக்கு அப்படியே பொருந்துகின்றன. காதலர் பகலில் சந்திக்கும் இடம் பகற்குறி, இரவில் சந்திக்கும் இடம் இரவுக்குறி. எங்களுக்கு இரவுக்குறி என்ற ஒன்றே கிடையாது. வகுப்பு நாலரைக்கு முடியும், கேட் ஆறரைக்கு மூடும். முகம் கழுவி, அவுட்பாஸில் கையெழுத்து வாங்கி, பேருந்து பிடித்து, திரும்ப வரும் நேரத்தையும் கழித்தால் பேச முக்கால் மணி மிஞ்சும். அந்த முக்கால் மணியில் பாதி, கடிகாரத்தைப் பார்ப்பதில் போகும். பேச்சு எப்போதும் பாதியில் நிற்கும். சண்டை போட்டால் அன்றைக்கே சமாதானம் ஆக முடியாது, அடுத்த வெளியனுமதி வரை அப்படியே கிடக்கும்.

இரவுக்கு மிஞ்சியது செல்போன், அதுவும் அறையில் வைத்திருக்கக் கூடாது. 2000களின் நடுப்பகுதி அது. எங்கள் அறையில் நான்கு பேருக்கு ஒரு போன், அரிசி டப்பாவுக்குள் இருக்கும். ஒரு மிஸ்டு கால் என்றால் 'வந்து சேர்ந்துவிட்டேன்', இரண்டு என்றால் 'மாடிக்குப் போகிறேன், பேசலாம்'. சந்திக்கும் இடத்தை மட்டுமல்ல, இப்படிச் செய்யும் சைகையையும் பழைய நூல்கள் 'குறி' என்கின்றன. அவன் செய்யும் குறி என்று நினைத்து, காற்றில் விழுந்த காயின் ஓசைக்கு அவள் வெளியே வந்து ஏமாறுவது 'அல்லகுறி'. சிம் கம்பெனியிலிருந்து வந்த அழைப்பை அவனென்று நம்பி இருட்டில் மாடியேறி, கொசுக்கடியில் அரைமணி நின்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வார்டன் வருகிறாரா என்று படிக்கட்டில் காவல் நின்றவள் தோழி. அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன்.

என் அறைத்தோழி ஒருநாள் இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். அவனைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள் என்பது உண்மை. தாமதத்துக்குக் காரணம் வழியில் பழுதாகி நின்ற பேருந்து என்பதும் உண்மை. பதிவேட்டில் 6.50 என்று எழுதியதும் அவள் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு விழுந்தது. மறுநாள் காலை மெஸ் வரிசையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இது அம்பல், மொட்டாக இருக்கும் பேச்சு. இரண்டு நாளில் அவன் பெயரும் அவன் படித்த துறையும் சேர்ந்து வெளியே வந்தது. இது அலர், மலர்ந்த பேச்சு. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போன் போனது.

அதுவரை அவர்கள் இருவரும் கல்யாணம் பற்றிப் பேசியதே இல்லை. பழகிப் பார்க்கிறோம் என்ற நிலையில்தான் இருந்தார்கள். அடுத்த மாதமே அவளைப் பெண் பார்க்க ஆள் வந்தார்கள். அயலார் மணம் பேசி வருவதற்கு அகநூல்களில் 'நொதுமலர் வரைவு' என்று பெயர். இற்செறிப்பும் நொதுமலர் வரைவும் வந்துவிட்டால், 'இனி ஒளித்துப் பழகாதே, மணந்துகொள்' என்று தோழி தலைவனை நெருக்குவாள். அதுவே 'வரைவு கடாதல்'. நானும் அவனிடம் போய் அதைத்தான் சொன்னேன். அவனுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வருடம் நிதானமாகப் பழகிப் பொருந்தியிருக்கலாம், பொருந்தாமல் சினேகிதமாகப் பிரிந்தும் இருக்கலாம். ஆறு வாரத்தில் முடிவெடுக்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்? பூட்டிய கேட் அந்தக் காதலைத் தடுக்கவில்லை, கனியும் முன்பே முடிவு கேட்டது. அவள் பட்டப்படிப்பை அஞ்சலில் முடித்தாள்.

சொல் எங்கே பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய இற்செறிப்பு ஒரு பெண்ணின் மேல் விழுந்த சந்தேகத்தால் வந்தது. விடுதியிலோ சேர்ந்த முதல் நாளே எல்லோரும் அடைபடுகிறார்கள், காதலித்தவளும் புத்தகத்தைத் தவிர எதையும் பார்க்காதவளும் ஒன்றுதான். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 2022இல் கேரள உயர் நீதிமன்றத்தில் எழுப்பிய வழக்கின் அடி இதுதான். இரவு 9.30 கட்டுப்பாடு ஏன் பெண்களுக்கு மட்டும் என்று கேட்டார்கள். அந்த டிசம்பரில் கேரள அரசு புது ஆணை போட்டது: 9.30 இரு பாலர் விடுதிக்கும் பொது. இரண்டாம் ஆண்டு முதல், தாமதமாக வருபவர் பதிவேட்டில் நேரம் எழுதிவிட்டு உள்ளே போகலாம். கேட் இன்னும் மூடுகிறது, ஆனால் சிவப்புக் கோடு போய்விட்டது.

ஆகவே தங்கைக்கு நான் சொன்ன பதில் இது. கலவரமும் கொள்ளைநோயும் வந்து ஊர் மொத்தமும் உள்ளே இருக்க வேண்டியிருந்தால் 'ஊரடங்கு'. ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே மணியில் கதவு மூடினால் 'அடைப்பு நேரம்' போதும், அறிவிப்புப் பலகையில் 'விடுதி அடைப்பு நேரம் இரவு 9.30' என்று எழுதினால் யாருக்கும் புரியும். எதிர் விடுதியின் கேட் திறந்திருக்க, பெண்கள் விடுதி மட்டும் ஆறரைக்குப் பூட்டினால் அது இற்செறிப்பு. அவள் தன் மனுவில் அந்தச் சொல்லையே எழுதினாள், அடைப்புக்குறிக்குள் பொருளும் கொடுத்து.