சேரா மீள்பொதி: ‘ஆர்.டி.ஓ’ என்பதற்கு ஏற்ற தமிழ்

வாடிக்கையாளர் கைக்குப் போகாமலே அனுப்பியவரிடம் திரும்பும் பொதியைக் கூரியர் துறை ‘ரிட்டர்ன் டு ஆரிஜின்’, சுருக்கமாக ‘ஆர்.டி.ஓ’, என்கிறது. இணையவழி விற்பனை பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் இதை ‘மூலத்துக்குத் திரும்புதல்’ என்று எழுதுகிறார்கள். இன்னும் சிலர் ‘திரும்பப் பெற்ற பொருள்’ என்கிறார்கள். இரண்டும் பிழை. முதலாவது சிரிப்பை வரவழைப்பதோடு நின்றுவிடும், இரண்டாவதோ கடைக்காரரின் கணக்கையே குழப்பிவிடும்.

‘ஆரிஜின்’ என்பது மேலே எழுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. கூரியர் துறையில் அதற்குப் பொதி ஏற்றப்பட்ட இடம் என்பதற்கு மேல் பொருள் இல்லை. அங்கே மூலத்தைக் கொண்டுவந்தால், மருத்துவமனை வாசலில் நிற்பவரின் நினைவுதான் தமிழருக்கு வரும். ‘ஆர்.டி.ஓ’ என்றே விட்டுவிடலாம் என்றால், நம் ஊரில் அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகமாகவும் கோட்டாட்சியராகவும் முன்பே வழங்குகிறது.

‘திரும்பப் பெற்ற பொருள்’ என்பதை நான் விடாமல் எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. பொருளைப் பெற்று, பிரித்துப் பார்த்து, அளவு பொருந்தவில்லை என்றோ சாயம் போகிறது என்றோ வாடிக்கையாளர் அனுப்புவது ஒன்று. பொதி அவர் கைக்கே போகாமல் அனுப்பியவரிடம் வந்துசேர்வது வேறு. முன்னதற்கு மருந்து பொருளின் தரத்தில் இருக்கிறது, பின்னதற்கு மருந்து பொதியை அனுப்பும் முன்பே செய்ய வேண்டிய சரிபார்ப்பில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவைத்த கடைக்காரர், முகவரிக் கோளாறால் வந்த பொதிகளைப் பார்த்துவிட்டுத் துணியை மாற்றிக்கொண்டிருப்பார். மொழிபெயர்ப்பவர் அகராதியைப் புரட்டிய நேரத்தில் பாதியையாவது ஒரு கூரியர் கிடங்கில் நின்று பார்த்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

‘செல்லாக் காசு’ என்று சொல்லும் மொழிக்கு நான் முன்வைக்கும் ‘சேரா மீள்பொதி’ அயலாக இராது. ‘சேராப் பொதி’ என்று மட்டும் சொன்னால் வழியில் காணாமற்போனதும் அதில் அடங்கிவிடும் என்பதால் ‘மீள்’ தேவைப்படுகிறது. ‘மறுக்கப்பட்ட பொதி’ என்பாரும் உண்டு. மறுப்பு பல காரணங்களுள் ஒன்றே என்பதால் அதையும் ஏற்க இயலவில்லை.

பொருள் வந்தபின் பணம் தரும் முறையில் வாங்குபவர் முன்கூட்டி எதையும் இழப்பதில்லை. மனம் மாறினால் கதவைத் திறக்காமலே இருந்துவிடலாம். இழப்பு முழுவதும் விற்பவருடையது. ஈரோட்டிலிருந்து 700 ரூபாய்ச் சேலை ஒன்று போக 80 ரூபாய், வர 70 ரூபாய், அதன் லாபம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மீள்பொதி நல்லபடியாக முடிந்த இன்னொரு விற்பனையின் லாபத்தை அப்படியே தின்றுவிடும். சேலையும் அத்தனை நாள் வண்டியிலும் கிடங்கிலும் முடங்கிக் கிடக்கும்.

முகவரிப் பிழைக்கு ஒரு சான்று: திருப்பூரின் அஞ்சல் குறியீடு 641601, பட்டுக்கோட்டையினது 614601. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது செல்லத்தக்க குறியீடாகவே இருப்பதால் குறியீட்டை மட்டும் பார்க்கும் படிவம் தடுக்காது. பொதிகளை ஊர்வாரியாக வகைபிரிப்பது குறியீட்டைக் கொண்டுதான். ஊர்ப்பெயரைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். திருப்பூர்க்காரரின் சேலை பட்டுக்கோட்டை போய், அங்கே தெருவே இல்லை என்று முத்திரை பெற்று ஈரோடு திரும்பும். குறியீடும் ஊரும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் சிறு சரிபார்ப்பு இதை முதல் நாளே பிடித்துவிடும். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

உறுதிப்படுத்தும் அழைப்பு பொதி கட்டும் முன்பே போக வேண்டும். முகவரியை நாமே படித்துக் காட்டினால் அவசரத்தில் இருப்பவர் “ஆமாம், ஆமாம்” என்று வைத்துவிடுவார். அவரையே சொல்லவைத்தால்தான் பிழை வெளிப்படும். “அஞ்சல் குறியீட்டை நீங்களே சொல்லுங்கம்மா, பக்கத்தில் கோயிலோ பள்ளியோ இருக்கிறதா, பகலில் 700 ரூபாய் கொடுத்து வாங்க வீட்டில் யார் இருப்பார்கள்?” என்ற கேள்விகள் போதும். எடுக்காதவருக்கு மாலையில் மறுபடி அழைத்து, ஒரு செய்தியும் அனுப்பி, அதன் பிறகும் மறுமொழி இல்லையென்றால் பொதியை அனுப்பாமல் நிறுத்திவைப்பதே மலிவு.

அழைப்பால் தீராத ஒன்றும் உண்டு. பொதியைக் கொண்டுபோகும் கூரியர் ஆள் இடும் ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்ற குறிப்பு எப்போதும் உண்மையன்று. வெவ்வேறு தெருக்களின் பொதிகளுக்கு இரவு எட்டு மணிக்குச் சில நிமிட இடைவெளியில் அதே குறிப்பு வரிசையாக ஏறியிருந்தால், ஆள் அந்தப் பக்கமே போகவில்லை என்று ஐயப்படலாம். அன்றிரவே வாடிக்கையாளரைக் கேட்டு, மறுநாள் மீண்டும் கொண்டுபோகச் சொல்லிக் கூரியர் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். திரும்பும் பயணத்துக்கான முத்திரை விழுந்துவிட்டால் பெரும்பாலும் பொதியை இடைமறிக்க இயலாது.