உரிமைமூலக் காப்பீடு: வில்லங்கச் சான்றில் தெரியாத பங்குதாரர் வந்து நின்றால்

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம், சேர்வராயன் மலை அடிவாரத்தில், 2,400 சதுர அடி மனை ஒன்றை ஒருவர் 2024-இல் 36 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வாங்குவதற்கு முன் 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார். அடமானம் எதுவும் இல்லை. பட்டா விற்பவர் பெயரில் இருந்தது. மூலப் பத்திரங்கள் வரிசையாக இருந்தன. வங்கியும் கடன் கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து, முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி தொடுத்த பாகப்பிரிவினை வழக்கில் அவருக்கு நீதிமன்ற அழைப்பாணை வருகிறது. இப்படிப்பட்ட நிலைக்காகவே ஏற்பட்டது டைட்டில் இன்சூரன்ஸ் எனப்படும் உரிமைமூலக் காப்பீடு. அது எந்த அளவுக்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை இந்த ஒரு மனையை வைத்தே பார்க்கலாம்.

சிக்கலின் வேர் இதுதான். மனையின் முந்தைய உரிமையாளர் அதைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியவர். மனைவி முன்பே காலமாகிவிட்டார். அவரும் 2015-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருக்கு இரண்டு மகன்களும் திருமணமாகி வெளியூரில் இருந்த ஒரு மகளும் உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி மூவருக்கும் சம பங்கு, அதாவது ஆளுக்கு மூன்றில் ஒன்று. ஆனால் வாரிசுச் சான்றில் மகளின் பெயர் விடுபட்டிருந்தது. மகன்கள் இருவரும் அந்தச் சான்றை வைத்துப் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றி, 2018-இல் மனையை ஒருவருக்கு விற்றார்கள்; அவரிடமிருந்துதான் நம்மவர் வாங்கினார்.

இதில் வில்லங்கச் சான்று பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சொத்தைப் பற்றிப் பதிவான பத்திரங்களை மட்டுமே அது காட்டும். ஒருவருக்கு மகள் இருக்கிறாள் என்பது பத்திரம் அல்ல. ஆகவே அது அந்தத் தாளில் வராது. பதிவாகாத உயிலும் வராது, நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் வராது. நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது பத்திரம்தானே தவிர, உரிமை அல்ல. விற்பவரின் உரிமையை நிரூபிக்கும் மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாடு பதிவு விதிகளில் இருந்த 55ஏ(1) விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்பதையே காரணமாகச் சொன்னது. பதிவு முத்திரையை அரசின் உத்தரவாதமாக எண்ணுபவர்கள் இந்தத் தீர்ப்பை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, நம்மவர் 36 லட்சம் ரூபாய்க்கு உரிமைமூலக் காப்பீடு எடுத்திருந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். வாகனக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் இனி நடக்கப்போவதற்கானவை; ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம். இது அப்படியல்ல. காப்பீட்டுப் பத்திரம் வழங்கப்பட்ட நாளுக்கு முன்பே சொத்தில் ஒளிந்திருந்த குறைக்கான காப்பீடு இது. இதன் தாயகமான அமெரிக்காவில் ஒரே ஒரு முறை பிரீமியம் கட்டினால் சொத்து கையில் இருக்கும்வரை வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு. விடுபட்ட வாரிசு, போலிக் கையெழுத்து, ஆள்மாறாட்டம், செல்லாத பவர் பத்திரம், பதிவேட்டில் தேடியும் கண்ணில் படாமல் போன அடமானம் ஆகியவை அதன் வழக்கமான வரம்புக்குள் வரும்.

அழைப்பாணை வந்தவுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் கோரிக்கை பலவீனப்படும். அதன்பின் வழக்கை நடத்துவது நிறுவனத்தின் பொறுப்பு. என் பார்வையில் இந்தக் காப்பீட்டின் மிகப் பெரிய பயன் இழப்பீட்டுத் தொகை அல்ல, இந்த வழக்குச் செலவுதான். ஏனென்றால் ஒரு பாகப்பிரிவினை வழக்கு முதல்நிலைத் தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு, மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் இழுபடும். தந்தைக்கு அம்மாபேட்டையில் ஒரு வீடும் வேறு நிலமும் இருந்தால், மகளின் பங்கை அவற்றிலிருந்து ஒதுக்கிவிட்டு, விற்றுப்போன மனையை விற்ற மகன்களின் பங்கில் சேர்க்க வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்பார். நீதிமன்றம் ஏற்றால் மனை தப்பிக்கும். வேறு சொத்து இல்லையென்றால், மகளுக்கு ஒரு தொகை கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கவும் நிறுவனம் முயலலாம். வழக்குச் செலவு காப்பீட்டுத் தொகைக்குள் கழிக்கப்படுமா, தனியாகத் தரப்படுமா என்பதைக் காப்பீட்டுப் பத்திரத்தின் நிபந்தனைகளில் முதலிலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டும் பலிக்காமல் மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று தீர்ப்பானால் கணக்கு வருகிறது. அதற்குள் மனையின் மதிப்பு 60 லட்சமாக உயர்ந்திருந்தால், இழப்பு 20 லட்சம். அது 36 லட்ச வரம்புக்குள் இருப்பதால் முழுவதும் கிடைக்கும். ஆனால் 2018 விற்பனையே போலிப் பத்திரமாகி மனை முழுவதும் போயிருந்தால், இழப்பு 60 லட்சமாக இருந்தாலும் கிடைப்பது 36 லட்சம்தான். வங்கி தன் கடனுக்காக மட்டும் இப்படிக் காப்பீடு எடுத்திருந்தால் அது வங்கியின் பாக்கியை மட்டுமே காக்கும், வீட்டுக்காரரை அல்ல. பணம் கொடுத்தபின், விற்றவர் மீது வழக்குத் தொடுக்கும் உரிமை நிறுவனத்துக்குப் போய்விடும்.

விலக்குகளில் முதலாவது, வாங்குபவருக்கு முன்பே தெரிந்தவை. வாங்குவதற்கு முன் ஒப்பீனியன் கொடுத்த வழக்கறிஞர், “வாரிசுச் சான்றில் மகள்கள் பெயர் இல்லை, உறுதி செய்துகொள்ளவும்” என்று ஒரு வரி எழுதியிருந்து, அதை நம்மவர் நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த ஒரு வரியே கோரிக்கையைக் கவிழ்த்துவிடலாம். சொல்லியிருந்தால், நிறுவனம் அந்தக் குறையைப் பத்திரத்தின் விதிவிலக்கு அட்டவணையில் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் காப்பீடு தந்திருக்கும். அதனால்தான் பத்திரத்தின் முகப்புப் பக்கத்தைவிட அந்த அட்டவணையைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். நிலத்தை அளக்காமல் வாங்கினால், எல்லைத் தகராறும் ஆக்கிரமிப்பும் பெரும்பாலும் அதே அட்டவணையில்தான் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது, அரசு தன் அதிகாரத்தால் செய்பவை. சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காக 2018-இல் நில எடுப்பு அறிவிக்கை வந்தபோது, உரிமையில் எந்தக் குறையும் இல்லாத விவசாயிகளின் நிலங்களே அதில் அடங்கின. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கை செல்லும் என்றது. அப்படி நிலம் எடுக்கப்பட்டால் அதற்கு வழி நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீடு. உரிமைமூலக் காப்பீடு அங்கே பேசாது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தின் ஒரு துண்டை வாங்கிவிட்டு, மலைப்பகுதி விதிகளால் கட்டட அனுமதி கிடைக்காமல் தவிப்பவருக்கும் இதே பதில்தான். நிலம் அவருடையதுதான், அதில் என்ன கட்டலாம் என்பதை இந்தக் காப்பீடு ஏற்பதில்லை. வாங்கியபின் அவரே உண்டாக்கிக்கொண்ட வில்லங்கத்துக்கும் இடமில்லை.

இவ்வளவு பயன் இருந்தும் இது பல நாடுகளில் ஏன் அரிது என்ற கேள்விக்கு, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு விடைகள் உண்டு. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வீடு வாங்கிய உறவினரைக் கேட்டால், அவர் 30 ஆண்டுப் பத்திரங்களைத் தேடி அலைந்திருக்க மாட்டார். 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறை அங்கெல்லாம் வேரூன்றியது. அந்த முறையில் அரசின் பதிவேட்டில் பெயர் இருப்பதுதான் உரிமை. மோசடி போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, பதிவேட்டுக்குப் பின்னால் தோண்ட வேண்டியதில்லை. பதிவேட்டின் பிழையால் ஒருவர் நிலத்தை இழந்தால் ஈடு செய்வதற்கு ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் தனி நிதியே உண்டு. அரசே பொறுப்பேற்றுள்ள இடத்தில் தனியார் காப்பீட்டுக்குத் தேவை குறைவு.

அமெரிக்காவில் அரசு அப்படிப் பொறுப்பேற்கவில்லை. பென்சில்வேனியாவில், பத்திர ஆய்வாளர் வழக்கறிஞரின் கருத்தை நம்பி ஒரு வில்லங்கத்தைப் பொருட்படுத்தாமல் விட்டதால் பணத்தை இழந்தவருக்கு, ஆய்வாளர் கவனக்குறைவாக நடக்கவில்லை என்று சொல்லி 1868-இல் நீதிமன்றம் ஈடு தர மறுத்தது. யார் தவறும் இல்லாமலேயே வாங்கியவர் நஷ்டப்பட முடியும் என்று தெரிந்தபின், 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் உரிமைமூலக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கியது.

நம் நாட்டில் தேவை அமெரிக்காவைப் போலவே இருக்கிறது. ஆனால் விற்க ஆள் குறைவு. காப்பீட்டு நிறுவனம் ஆபத்தை எடைபோட வேண்டுமானால் பதிவேடுகளைத் தேடி ஒரு முடிவுக்கு வர முடிய வேண்டும். இங்கே பத்திரம் பதிவுத் துறையில், பட்டா வருவாய்த் துறையில், வழக்கு நீதிமன்றத்தில், வாய்மொழிக் குடும்ப ஏற்பாடு யார் மனத்திலோ இருக்கிறது. நம் கதையில் வந்த மகளை எந்தப் பதிவேட்டுத் தேடலும் கண்டுபிடித்திருக்காது. எடைபோட முடியாததற்கு விலை வைத்தால் பிரீமியம் ஏறும், விலக்குகளும் பெருகும். தனி மனை வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டு விலகிவிடுவார். இதனால் இங்கே இருக்கும் காப்பீட்டுப் பத்திரங்கள் பெரும்பாலும் கட்டுமான நிறுவனங்களின் பெரிய திட்டங்களுக்கானவை.

சட்டம் வாய் திறந்த இடமும் அதுதான். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு அறிவிக்கை செய்யும் காப்பீடுகளை மனை அல்லது குடியிருப்புத் திட்டத்தின் மேம்பாட்டாளர் எடுக்க வேண்டும் என்கிறது. நிலத்தின் உரிமைமூலக் காப்பீட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அப்படி எடுத்தால் பிரீமியம் அவர் பொறுப்பு. விற்பனை ஒப்பந்தம் போடும்போது அதன் பயன் வாங்குபவருக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ மாறும். அறிவிக்கையைப் பொறுத்த கடமை இது என்பதால், பதிவு பெற்ற திட்டம் என்றாலே காப்பீடு இருக்கும் என்று கொள்ளக் கூடாது; காப்பீட்டுப் பத்திர நகலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். காப்பீடு இல்லாவிட்டாலும் 18-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு நிற்கிறது: நில உரிமையில் குறை இருந்து வாங்கியவருக்கு இழப்பு ஏற்பட்டால் மேம்பாட்டாளர் ஈடு தர வேண்டும், அந்தக் கோரிக்கைக்குக் காலவரம்புச் சட்டம் தடையாகாது. இந்த வரியைப் பலரும் அறியாதது எனக்கு வருத்தமே. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலமோ, எட்டுக்கு மேற்படாத வீடுகளோ கொண்ட சிறு திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. நம்மவரைப் போலத் தனி ஆளிடமிருந்து மறுவிற்பனையில் வாங்குவோர் இதற்குள் வர மாட்டார்கள்.

அவர்களுக்குக் கையில் இருப்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி விற்பவர் தரும் உரிமை உறுதிமொழியும், வாங்குவதற்கு முன் செய்யும் விசாரணையும்தான். மூலப் பத்திரங்களின் சங்கிலியில் எங்காவது ஓர் இறப்பு இருந்தால், வாரிசுச் சான்றோடு நின்றுவிடாமல், இறந்தவரின் குடும்ப அட்டையின் பழைய நகலையும் அக்கம்பக்கத்தாரையும் வைத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். பெயர் விடுபட்டவர் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரிடமிருந்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்து வாங்கித் தரும்படி விற்பவரிடம் சொல்ல வேண்டும். 2018-இல் அந்த மகளின் கையெழுத்து ஒன்று இருந்திருந்தால், நம்மவருக்கு அழைப்பாணை வந்திருக்காது.