ஒன்பது தலை உருவத்தில் ஒரு பூப்போட்ட ஸ்கர்ட்

ஆடை வடிவமைப்பு மாணவர்களின் கோப்புகளைத் திருத்தும்போது ஒரே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உருவம் அழகாக நிற்கும், முகம் தெளிவாக இருக்கும், ஆனால் ஸ்கர்ட்டின் பூக்கள் சுவரில் ஒட்டிய காகிதம் போல மடிப்புகளின் மேல் சமமாகப் படர்ந்திருக்கும். அந்தப் படத்தை நம்பி கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டினால், தைத்து வரும் ஆடை வேறொன்றாகத்தான் இருக்கும்.

முதலில் உருவத்தின் அளவு. நம் உடல் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. ஆடையை வரைந்து காட்டும் மாதிரி உருவமான குரோக்கியில் அதை ஒன்பது தலையாக நீட்டுகிறோம். 27 செ.மீ. உயரத்துக்கு வரைவதாக வைத்துக்கொள்வோம். 3 செ.மீ. இடைவெளியில் ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். முதல் கட்டத்தின் அடியில் தாடை, இரண்டாவதில் மார்பு, மூன்றாவதில் இடுப்பு, நான்காவதில் தொடை பிரியும் இடம். முழங்கால் ஆறாவது கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும். கூட்டிய நீளம் பெரும்பாலும் கால்களுக்கே போகிறது. மேலுடம்பையும் சேர்த்து இழுத்தவர்களின் படத்தில் இடுப்பு கீழிறங்கி, ஆடை முழுவதும் தொங்கிப்போனதாகத் தோன்றும்.

நிற்கும் நிலையைச் சோதிக்க, கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுங்கள். உடல் எடை முழுவதும் ஒரே காலில் என்றால் அந்தக் கோடு அந்தப் பாதத்தில் விழ வேண்டும். அந்தப் பக்க இடுப்பு உயர்ந்திருக்கும், தோள் தாழ்ந்திருக்கும். இந்தச் சாய்வைக் கவனமாக வரையுங்கள். ஸ்கர்ட்டின் மடிப்புகள் எப்படி விழும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

இப்போது இடுப்பில் சுருக்கு வைத்த, முழங்கால் வரையிலான ஸ்கர்ட்டை எடுத்துக்கொள்வோம். துணியில் பூவின் அகலம் 11 செ.மீ., ஒரு பூவின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 14.5 செ.மீ. அணிபவரின் தலை உயரம் 22 செ.மீ. என்றால், படத்தில் தலை 3 செ.மீ. என்பதால், படத்தின் 1 செ.மீ. என்பது உண்மையில் 7.3 செ.மீ. ஆகவே பூவை 1.5 செ.மீ. அகலத்தில், 2 செ.மீ. இடைவெளியில் வரைய வேண்டும். பலர் பூவைக் கண்மதிப்பில் சிறிதாக்கி விடுகிறார்கள். தடித்த பெரிய பூவுக்காகவே தேர்ந்தெடுத்த துணி, படத்தில் பொடிப்பூத் துணியாகிவிடும்.

சுருக்குக்கு வருவோம். முன்பக்க இடுப்பளவு 48 செ.மீ., இரு மடங்கு துணி விட்டால் 96 செ.மீ. அகலத் துணி அங்கே சேர்கிறது. அதில் ஒரு வரிசைக்கு ஆறு பூக்களுக்கு மேல் இருக்கின்றன, ஆனால் பாதிக்குப் பாதி மடிப்புக்குள் போய்விடும். கண்ணுக்கு முழுதாகத் தெரிவது இரண்டோ மூன்றோதான். மற்றவை ஓர் இதழாகவோ அரைப் பூவாகவோ மடிப்பின் ஓரத்தில் அறுந்து நிற்க வேண்டும்.

அதனால் பூவுக்கு முன்பே மடிப்பை முடித்துவிடுங்கள். சுருக்குக் கோடுகள் பட்டியின் தையலில் தொடங்கும். சில இரண்டு விரல் நீளத்தில் மங்கிவிடும், சில விளிம்பு வரை ஓடும். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வரைந்தால் சீப்புப் பற்கள் ஆகிவிடும். விளிம்பு வரை வரும் ஒவ்வொரு மடிப்பும் அங்கே வளைந்து முன்வந்து பின்வாங்க வேண்டும். விளிம்பு நேர்கோடாக இருந்தால் மேலே எத்தனை மடிப்பு போட்டும் பயனில்லை. உயர்ந்த இடுப்பின் பக்கம் மடிப்புகள் நேராக இறங்கும். தளர்ந்த காலின் பக்கம் முழங்கால் துணியைத் தள்ளுவதால், அங்கிருந்து புதிய மடிப்புகள் கிளம்பும். டஃபேட்டாவுக்கு மடிப்பு முறிந்து கூர்மையாக நிற்கும், ரேயானுக்கு ஒல்லியாகக் குழைந்து விழும்.

பிறகு பூக்களின் வரிசைக்கு மெல்லிய பென்சில் கோடு இடுங்கள். அந்தக் கோடு மடிப்பின் மேட்டில் வளைந்து, பள்ளத்தில் அறுந்து, மறுபக்கம் வேறு உயரத்தில் தொடர வேண்டும். பூவை அந்தக் கோட்டில் வைத்துத் துணியின் நிறம் பூசுங்கள். நிழலைக் கடைசியில் பூவின் மேலேயே இழுங்கள். நிழலுக்குள் இருக்கும் வெள்ளைப் பூ வெள்ளையாகவே நின்றால், அது துணியை விட்டு மிதப்பது போலத் தெரியும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, டிரேசிங் தாளை வைத்துப் பூக்களை மட்டும் நகலெடுங்கள். மடிப்புக் கோடு ஒன்றுகூட இல்லாமலே துணி எங்கே மடிகிறது என்று தெரிந்தால் வேலை சரி.

இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. படத்தில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை 9.75 செ.மீ. அதில் ஏறக்குறைய ஐந்து வரிசைப் பூக்கள் அடங்கும். நிஜத்தில் அந்த ஸ்கர்ட்டின் நீளம் 58 செ.மீ., நான்கே வரிசை. இதை மறைக்கப் பூவை நீட்டி வரையாதீர்கள், பூவின் வடிவமே கெட்டுவிடும். குரோக்கியின் பக்கத்தில் ஆடையை மட்டும் தட்டையாக, உண்மை அளவின் விகிதத்தில் ஒரு படம் போடுங்கள். நீளம் 58, வரிசை 4, முதல் பூவின் நடு பட்டியிலிருந்து எத்தனை செ.மீ. கீழே என்பதை அதில் எழுதுங்கள். மாஸ்டர் துணி வெட்டுவது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.